கடையில் இல்லாத எண் வீட்டில் இருக்கிறது

சென்ற ஆண்டு என் அத்தை புது லேப்டாப் வாங்கினார். பழையதைக் கல்லூரியில் சேர்ந்திருந்த என் தம்பிக்குக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து அவருக்கு ஒரு போன். "அத்தை, பரீட்சைக் கட்டணம் கட்டலாம்னு உட்கார்ந்தேன். கார்டு நம்பர் கட்டத்துல கை வச்சதும் உங்க பேரு வந்துச்சு. அழுத்தினா பதினாறு எண்ணும் தானா வந்து நிக்குது."

அத்தை உடனே எனக்கு அழைத்தார். "அதெல்லாம் போன தீபாவளிக்கே கடைத் தளத்துல இருந்து எடுத்துட்டேனேப்பா, எடுத்தாச்சுன்னு மெசேஜ்கூட வந்துச்சே. அப்புறம் எப்படி?"

அத்தை சொன்னது உண்மைதான். கடைத் தளத்திலிருந்து கார்டை அவர் நீக்கிவிட்டார். ஆனால் தம்பி பார்த்த எண் கடையிலிருந்து வரவில்லை. அந்த லேப்டாப்பில் இருந்த பிரவுசரிலிருந்து வந்தது. "கார்டு சேமித்திருக்கிறது" என்று நாம் ஒரே வாயால் சொல்கிறோம். அது உண்மையில் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கும் வெவ்வேறு பொருள். ஒன்றை அழித்தால் மற்றொன்றுக்குத் தெரியவே தெரியாது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தியாவில் நாம் பயப்படும் இடத்தில், அதாவது உள்நாட்டுக் கடைத் தளத்தில், நம் கார்டு எண் இப்போது இருக்கக் கூடாது என்பது சட்டம். நாம் நினைத்தே பார்க்காத இடத்தில், அதாவது நம் சொந்த பிரவுசரில், அது முழுசாக இருக்கிறது.

கடை எதை வைத்திருக்கிறது?

முன்பெல்லாம் ஒரு ஆன்லைன் கடையில் "கார்டைச் சேமி" என்று டிக் செய்தால், பதினாறு எண்ணும் காலாவதித் தேதியும் அந்தக் கடையின் கணினியிலோ, அதன் பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கணினியிலோ போய் உட்காரும். பத்துக் கடையில் சேமித்தால் பத்து இடத்தில் அதே எண். அதில் ஒரு கடையின் தகவல் திருடு போனாலும் அந்த எண் எங்கு வேண்டுமானாலும் பயன்படும்.

ரிசர்வ் வங்கி இதை மாற்றியது. சில முறை தள்ளிப்போன கெடு முடிந்து, 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியையும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு வலையமைப்புகளையும் தவிர வேறு யாரும் உண்மையான கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்றானது. அடையாளம் காட்டுவதற்காகக் கடைசி நான்கு எண்ணையும் வங்கியின் பெயரையும் மட்டும் கடை வைத்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பதிலாகக் கடைக்குக் கிடைப்பது டோக்கன்.

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு வில்லை வாங்கிக்கொள்கிறோம் அல்லவா, டோக்கன் அதைப் போன்றது. அந்த வில்லையைக் கொண்டுபோய் அடுத்த கோயிலில் நீட்டினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு கார்டு, ஒரு கடை, அந்த டோக்கனைக் கேட்டுப் பெற்ற நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்க்கைக்கு ஒரு டோக்கன். ஆகவே அமேசானில் உள்ள உங்கள் டோக்கன் ஃபிளிப்கார்ட்டில் செல்லாது. ஒரே கார்டை ஐந்து கடையில் சேமித்தால் ஐந்து டோக்கன்கள் உருவாகியிருக்கும். அழிப்பதென்றாலும் ஐந்தையும் தனித்தனியாகத்தான் அழிக்க வேண்டும்.

அதனால் கடைத் தளத்தில் உங்கள் கார்டின் கடைசி நான்கு எண் தெரிகிறது என்பதை வைத்து, முழு எண்ணும் அங்கே இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்நாட்டுக் கடையில் ஓடிபியும் கேட்கப்படும். நீக்குவது நல்லதுதான். ஆனால் நேரம் குறைவாக இருந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் கடை அல்ல.

முதலில் பிரவுசர்

ரிசர்வ் வங்கியின் விதி கடைகளையும் பணப் பரிமாற்ற நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். உங்கள் வீட்டு லேப்டாப்பில், உங்கள் பிரவுசர், உங்கள் சம்மதத்தோடு எழுதி வைத்துக்கொண்டதை அது தொடாது. பணம் கட்டி முடித்த கையோடு பிரவுசரின் மூலையில் "Save card?" என்று ஒரு சிறு பெட்டி எழும்பும். அவசரத்தில் "Save" என்று அழுத்திவிடுவோம். அங்கே எழுதப்படுவது டோக்கன் அல்ல. உண்மையான எண், பெயர், காலாவதி மாதம், ஆண்டு.

அந்தப் பட்டியலைப் பார்க்க, குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் முகவரி தட்டும் இடத்தில் இவற்றைத் தட்டினால் நேராகப் போய்விடலாம்:

```
chrome://settings/payments
about:preferences#privacy
```

முதலாவது குரோமுக்கு. போனில் என்றால் குரோமின் மூன்று புள்ளியை அழுத்தி, "Settings" உள்ளே "Payment methods" என்பதைத் திறக்க வேண்டும். இரண்டாவது ஃபயர்பாக்ஸுக்கு. அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் சேமித்த கார்டுகளுக்கான பகுதி வரும். ஐபோனில் செட்டிங்ஸில் சஃபாரியைத் திறந்து, "AutoFill" வழியாக "Saved Credit Cards" போக வேண்டும். புதிய ஐபோன் மென்பொருளில் சஃபாரி "Apps" என்ற தலைப்பின் கீழே இருக்கும்.

குரோம் பட்டியலில் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே இரண்டு வகைக் கார்டுகள் கலந்து நிற்கும். ஒரு வகை அந்தக் கருவியில் மட்டும் சேமிக்கப்பட்டது. அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் "Delete" வரும், அழுத்தினால் போய்விடும். இன்னொரு வகை உங்கள் கூகுள் கணக்கோடு சேர்ந்தது. அதற்கு அங்கேயே அழிக்கும் வசதி இருக்காது, வெளியே கூகுளின் பக்கத்துக்கு அழைத்துப்போகும். அந்தக் கார்டை நீக்க pay.google.com போய், "Payment methods" பகுதியில் "Remove" கொடுக்க வேண்டும். "பிரவுசரில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன், இருந்தும் கார்டு வருகிறது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரவுசர் வரலாற்றை அழிக்கும் பெட்டியில் "Autofill form data" என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்து அழித்தால்கூடக் கருவியில் உள்ள கார்டுகள் போகுமே தவிர, கூகுள் கணக்கில் உள்ளவை போகாது.

கார்டை அழித்த பிறகு அதே பக்கத்தின் மேலே உள்ள "Save and fill payment methods" என்ற சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை பணம் கட்டும்போது அந்தச் சிறு பெட்டி மறுபடி எழும்பும், கை மறுபடி "Save" அழுத்தும். குரோமில் சிவிவி எண்ணைச் சேமிக்கவும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, "Save security codes" என்று. கார்டின் முதுகில் அச்சிட்ட அந்த மூன்று எண், பணம் கட்டி முடிந்த பிறகு எந்தக் கடையும் வைத்துக்கொள்ளக் கூடாதென்று கார்டு நிறுவனங்களே பொதுத் தரமாக விதித்திருக்கும் எண். அதை நாமாக எழுதி வைத்துவிட்டால், கார்டையே மேசைமேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். என் தம்பி நல்ல பிள்ளை, போன் செய்து சொன்னான். ஆனால் பிரவுசர் அந்த எண்களைச் சும்மா திறந்து வைப்பதில்லை, கணினியில் ஒரு கோப்பில் பூட்டித்தான் வைக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பூட்டின் சாவி லேப்டாப்பில் உள்நுழைந்திருக்கும் ஆளுக்குரியது. அந்த ஆளின் பெயரில் ஓடும் எந்த நிரலும் அந்தச் சாவியைக் கேட்டு வாங்க முயலலாம். திருட்டு மென்பொருள், விளையாட்டுக் குறுக்குவழி என்று எதையாவது இறக்கி நிறுவும்போது, கூடவே தகவல் திருடும் நிரல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ரெட்லைன் என்ற பெயருள்ள ஒன்று அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கார்டு விவரம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்புவதே அதன் வேலை. 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் கணினிகளை முடக்கின. அதே வகை நிரல்கள் வேறு பெயர்களில் இன்னும் உலவுகின்றன. சேமித்த எண் இல்லாத பிரவுசரில் அவற்றுக்குப் பொறுக்கக் கார்டு கிடைக்காது.

அடுத்தது வெளிநாட்டுத் தளங்கள்

டோக்கன் விதி உள்நாட்டுப் பரிமாற்றங்களுக்கானது. வெளிநாட்டுக் கடை, வெளிநாட்டு மென்பொருள் நிறுவனம், வெளிநாட்டுப் பாடத்தளம் ஆகியவற்றில் நீங்கள் கொடுத்த எண் எண்ணாகவே அங்கே இருக்கலாம். அத்தகைய தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் பிடிக்கப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே எப்போதோ ஒரு படம் இறக்கவோ, ஒரு சான்றிதழ்ப் படிப்புக்காகவோ கார்டு கொடுத்த வெளிநாட்டுத் தளம் இருந்தால், பிரவுசருக்கு அடுத்து அங்கே போக வேண்டும். பெரும்பாலும் கணக்கு அமைப்பில் "Billing" அல்லது "Payment methods" என்ற தலைப்பின் கீழே இருக்கும்.

சில தளங்கள் ஒரே ஒரு கார்டு இருந்தால் அதை நீக்க விடாது, வேறொன்றைச் சேர்த்த பிறகே இதை எடுக்க முடியும் என்று சொல்லும். அங்கே முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், பிறகு நீக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வங்கிப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஒவ்வொரு கார்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தனியாகத் திறக்கவும் மூடவும் வசதி தர வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டை அணைத்துவிட்டால், அந்தத் தளத்தில் எண் கிடந்தாலும் பணம் நகராது. வேண்டும்போது ஐந்து நிமிடம் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

கடையில் நீக்கினாலும் நிற்காத ஒன்று

மாதச் சந்தா என்பது வேறு சங்கதி. படம் பார்க்கும் ஆப்புக்கோ, பாட்டு கேட்கும் ஆப்புக்கோ மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க ஒருமுறை ஓடிபி கொடுத்து அனுமதி தந்திருப்பீர்கள். அது வங்கியில் பதிவான கட்டளை, மேண்டேட் என்பார்கள். 2021 அக்டோபர் முதல் இது ரிசர்வ் வங்கியின் விதிக்குள் வந்தது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது உங்களுக்கு வங்கியிடமிருந்து தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகை என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் பிடித்துக்கொள்ளும்.

கடைப் பக்கத்தில் கார்டை நீக்கினால் இந்தக் கட்டளையும் போய்விடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. ஆப்பைப் போனிலிருந்து தூக்கி எறிந்தாலும் போகாது, போனில் மறைவது ஆப் மட்டும்தான். மேண்டேட்டை வங்கியின் தளத்தில் அல்லது ஆப்பில் திறந்து ரத்து செய்ய வேண்டும். வங்கி அந்த வசதியைத் தந்தே ஆக வேண்டும். பணம் பிடிப்பதற்கு முன்பு வரும் அந்தத் தகவலை அலட்சியமாக ஒதுக்காமல் படித்தால், எந்தெந்தக் கட்டளை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் உள்நாட்டுக் கடைகள்

அமேசானில் கணக்குப் பகுதியில் "Your Payments" திறந்து, கார்டைத் தேர்ந்து "Edit" கொடுத்தால் "Remove from wallet" வரும். ஃபிளிப்கார்ட்டில் கணக்குப் பக்கத்தில் "Saved Cards" என்றே ஒரு வரி இருக்கும். மற்ற கடைகளிலும் பெயர் கொஞ்சம் மாறுமே தவிர வழி இதுதான். பொருள் திருப்பிக் கொடுத்துப் பணம் வர வேண்டியிருக்கும்போது கார்டை நீக்கினால் பணம் வராதோ என்று பலர் தயங்குகிறார்கள். திரும்பும் பணம் அந்தப் பழைய பரிமாற்றத்தின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதே கணக்குக்கு வரும். சேமித்த பட்டியலில் கார்டு இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சிறு கடைகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே பணம் கட்டும் பக்கம் கடையுடையதாக இருக்காது, பணப் பரிமாற்ற நிறுவனத்துடையதாக இருக்கும். நீங்கள் போன் எண்ணைத் தட்டியதும், முன்பின் போகாத கடையில்கூட உங்கள் கார்டு வந்து நிற்கும். கார்டை உங்கள் போன் எண்ணோடு சேர்த்து அந்த நிறுவனம் நினைவில் வைத்திருப்பதே காரணம். அதைக் கடையின் கணக்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பணம் கட்டும் அந்தப் பெட்டிக்குள்ளேயே சேமித்த கார்டுகளை நிர்வகிக்கும் இடத்தைத் தேட வேண்டும்.

இத்தனை கடைகளையும் நினைவில் வைத்துத் தேடுவது யாராலும் ஆகாத காரியம். அதற்காகவே ரிசர்வ் வங்கியின் விதியில் ஒரு நல்ல வரி இருக்கிறது. எந்தெந்தக் கடைக்கு இந்தக் கார்டின் டோக்கன் தரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைக் கார்டு வழங்கிய வங்கி தன் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும், அங்கிருந்தே டோக்கனை நீக்கவும் வசதி தர வேண்டும். வங்கியின் ஆப்பில் அல்லது நெட் பேங்கிங்கில் கார்டு பகுதியில், டோக்கன் என்ற சொல் வரும் தலைப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வங்கியின் வாடிக்கையாளர் எண்ணில் அழைத்து, "டோக்கன் பட்டியல் எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அத்தையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். தம்பி பழைய லேப்டாப்பை விடுதியிலிருந்து எடுத்து வந்திருந்தான். அதன் குரோமில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்று காலாவதியான டெபிட் கார்டு. அதற்கு எதுவும் நேராது, இருந்தாலும் அழித்தோம். இரண்டாவது தம்பி பார்த்த கிரெடிட் கார்டு. "Delete" அழுத்தினோம், போய்விட்டது. மூன்றாவதும் அதே கிரெடிட் கார்டுதான், ஆனால் கூகுள் கணக்கோடு சேர்ந்தது. கண்ணுக்கு ஒரே கார்டு இரண்டு முறை வந்ததுபோல் தெரிந்தது. முதலாவதை மட்டும் அழித்துவிட்டு எழுந்திருந்தால் மறுநாளும் அது வந்து நின்றிருக்கும். அதையும் கூகுள் பக்கத்தில் போய் எடுத்தோம். பிறகு அந்த லேப்டாப்பில் அத்தையின் பிரவுசர் கணக்கையே முழுசாக நீக்கிவிட்டுத் தம்பிக்குப் புதிதாக ஒன்று திறந்தோம். பழைய கருவியை யாருக்குக் கொடுத்தாலும் இதுதான் முறை.

அடுத்து வங்கி ஆப். டோக்கன் பட்டியலில் ஐந்து கடைகள் வந்தன. அத்தைக்கு நினைவிருந்தவை மூன்று. நான்காவது, அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே போனிலிருந்து எடுத்துவிட்ட சாப்பாட்டு ஆப். ஐந்தாவதின் பெயரே அவருக்குப் புரியவில்லை. பழைய பில்களைத் தேடியதில், ஒரே ஒரு முறை புடவை வாங்கிய கடையின் பதிவுப் பெயர் என்று தெரிந்தது. கடையின் பெயர்ப்பலகையில் ஒன்றும் வங்கியில் பதிவான பெயர் வேறொன்றுமாக இருப்பது சாதாரணம். அடிக்கடி பயன்படுத்தும் ஒரு கடையை மட்டும் விட்டுவிட்டு நான்கையும் நீக்கினோம்.

மேண்டேட் பட்டியலில் ஒன்று இருந்தது. மாதம் 149 ரூபாய். பார்ப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பணம் பிடிக்கும் முன்பு மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வங்கி மெசேஜ் என்றால் விளம்பரம் என்று அத்தை தள்ளிவிட்டிருக்கிறார். அதை ரத்து செய்தபோது அவர் முகத்தில் வந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நூத்தி நாப்பத்தொன்பதுதானேன்னு இல்லப்பா, எனக்குத் தெரியாமலே போயிருக்கே" என்றார்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்த்தோம். ஒரு கடையில் பத்து ரூபாய்ப் பொருளைக் கூடையில் போட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை போனோம். சேமித்த கார்டு எதுவும் இல்லை. கார்டு எண் கட்டத்தில் கை வைத்தோம். கீழே எதுவும் எழும்பவில்லை. அதன் பிறகுதான் நீக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டோம். "நீக்கப்பட்டது" என்று திரையில் வருவதை நம்பி எழுந்திருக்காமல், இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்வது நல்லது. வீட்டில் இரண்டு பிரவுசர், இரண்டு போன் இருந்தால் ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டும்.

இனி கடைகளில் பணம் கட்டும்போது "கார்டைப் பாதுகாப்பாகச் சேமி" என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தால் நினைவில் வையுங்கள், விதிப்படி அது தானாக விழுந்திருக்கக் கூடாது. நீங்களே கைவைத்து டிக் செய்தால்தான் அது சம்மதம். அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள், பொருள் வீட்டுக்கு வந்து சேரும்.

அத்தை இப்போது கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தட்டுகிறார். அரை நிமிடம் கூடுதலாகிறது. அந்த அரை நிமிடத்தில் எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று இரண்டாம் முறை பார்த்துவிடுகிறார்.